நாடுவாரி அறிக்கையில் பனாமா, மாலி, குவாம்: தமிழ்ப் பயனர்கள் எங்கே போனார்கள்?

கணக்குப்பிள்ளை

வணக்கம். சிறு கடைக்காரர்கள் வரவு செலவும் கடன் பாக்கியும் எழுதி வைக்கும் செயலி ஒன்றின் பின்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பயனர்கள் பெரும்பாலும் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும்தான். இலங்கையில் கொஞ்சம் பேர்.

எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போன நாடுவாரி அறிக்கை ஒன்று மாதாமாதம் மேலாளருக்குப் போகிறது. இவ்வளவு நாள் யாரும் அதை உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த மாதம் பார்த்துவிட்டார்கள். முதல் இடத்தில் இந்தியா, சரி. அதற்கு அடுத்து புரூணை, குவாம், பனாமா, மௌரித்தானியா, மாலி, செயின்ட் கிட்ஸ் என்று வரிசையாக வருகிறது. ஸ்லோவேனியாவும் இருக்கிறது. பனாமாவுக்கு ஒரு ஆதரவு ஆள் போடலாமா என்று மேலாளர் நிஜமாகவே கேட்கிறார்.

இரண்டாவது சிக்கல் இன்னும் குழப்பமானது. செயலியின் புதிய பதிப்பு வெளியானதிலிருந்து வாரா வாரம் இந்தியா இறங்குகிறது, இந்தோனேசியா ஏறுகிறது. ஆனால் இந்தியாவிலிருந்து வரும் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

வினவல் இவ்வளவுதான்:

```sql
SELECT c.name, COUNT(*)
FROM users u
JOIN countries c ON c.code = u.lang
GROUP BY c.name;
```

கடற்காகம்

விபிஎன் நண்பரே. இலவச விபிஎன் போடுகிறவர்களுக்கு பனாமா சர்வர் கிடைப்பது சகஜம். ஐபி முகவரியை நாட்டுக்கு மாற்றும் தரவுத்தளத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். பழைய கோப்பாக இருந்தால் இப்படித்தான் கண்ட நாட்டையும் காட்டும்.

கணக்குப்பிள்ளை

ஐபி முகவரியை நாங்கள் சேமிப்பதே இல்லை. இந்த அறிக்கையில் அது எங்கேயும் வரவில்லை.

மல்லிகா_டிபி

வினவலின் மூன்றாவது வரியைச் சத்தமாகப் படியுங்கள். `c.code = u.lang`. ஒரு பக்கம் நாடு, இன்னொரு பக்கம் மொழி. இரண்டுமே இரண்டெழுத்து என்பதால் அவை பாட்டுக்குப் பொருந்திக்கொண்டன.

நாட்டுக் குறியீடு ஐஎஸ்ஓ 3166 பட்டியலில் வருவது, மொழிக் குறியீடு ஐஎஸ்ஓ 639 பட்டியலில் வருவது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை யாரும் உருவாக்கவில்லை. அதனால் ஒரே இரண்டெழுத்து அங்கே ஒன்றையும் இங்கே வேறொன்றையும் குறிக்கும். உங்கள் பட்டியலை அப்படியே திருப்பிப் போடுகிறேன்: புரூணை என்று வந்திருப்பது `bn`, வங்காளம். குவாம் `gu`, குஜராத்தி. பனாமா `pa`, பஞ்சாபி. மௌரித்தானியா `mr`, மராத்தி. மாலி `ml`, மலையாளம். செயின்ட் கிட்ஸ் `kn`, கன்னடம். ஸ்லோவேனியா `si`, சிங்களம். ஆதரவு ஆள் வேண்டுமானால் லூதியானாவில் தேடச் சொல்லுங்கள்.

இவை கண்ணுக்குத் தெரிகிற பிழைகள். இவற்றை விட மோசமானது கண்ணுக்குத் தெரியாதது. `ta`, `te`, `hi`, `ur`, `en` இந்த ஐந்துக்கும் உங்கள் நாடுகள் அட்டவணையில் ஜோடி இருக்காது. வெறும் `JOIN` என்பதால் அந்த வரிசைகள் சத்தமில்லாமல் உதிர்ந்திருக்கும். அறிக்கையின் கூட்டுத்தொகையை `users` அட்டவணையின் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். `LEFT JOIN` போட்டால் பெயரில்லாத ஒரு பெரிய மூட்டை தனியாக வந்து நிற்கும்.

சின்னஎழுத்து

மல்லிகா அக்கா சொல்வது சரிதான், ஆனால் இதற்கு எளிய தீர்வு இருக்கிறது. மொழி எப்போதும் சின்ன எழுத்து, நாடு எப்போதும் பெரிய எழுத்து. `si` என்றால் சிங்களம், `SI` என்றால் ஸ்லோவேனியா. யாரோ இடையில் `UPPER()` போட்டுக் கெடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் முடிந்தது.

கணக்குப்பிள்ளை

எங்கேயும் `UPPER()` இல்லை. மேலே போட்டதுதான் முழு வினவல். `lang` சின்ன எழுத்தில்தான் இருக்கிறது, `countries.code` பெரிய எழுத்தில்தான் இருக்கிறது. அப்புறம் எப்படிப் பொருந்துகிறது என்றுதான் நானும் யோசிக்கிறேன்.

மல்லிகா_டிபி

மைஎஸ்கியூஎல் தானே? பதிப்பு 8-இல் நீங்கள் எதுவும் சொல்லாமல் அட்டவணை உருவாக்கினால் ஒப்பீட்டு முறை `utf8mb4_0900_ai_ci`. கடைசியில் இருக்கும் `ci` என்பது பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்பதற்கு. அதன் கண்ணுக்கு `si` = `SI`. இதே வினவலை போஸ்ட்கிரெஸில் ஓட்டியிருந்தால் ஒரு வரிசைகூட வந்திருக்காது, எழுதிய அன்றே பிழை தெரிந்திருக்கும். மைஎஸ்கியூஎல் உதவி செய்வதாக நினைத்துக் குழியில் தள்ளியிருக்கிறது.

சின்னஎழுத்து தம்பி சொன்னது வழக்கம் என்ற அளவில் சரி, விதி என்று எடுத்துக்கொண்டால் தவறு. `ta-LK` மாதிரி முழுக் குறியை வரையறுக்கும் பிசிபி 47 எழுத்தின் அளவுக்கு எந்த அர்த்தமும் கிடையாது என்றே சொல்கிறது. `TA-lk` என்று எழுதினாலும் இலங்கைத் தமிழ்தான். அங்கே நாட்டையும் மொழியையும் பிரிப்பது இருக்கும் இடம். முதலில் வருவது மொழி, பின்னால் வரும் இரண்டெழுத்து நாடு. தனியாக ஒரு `si`-யைக் கையில் கொடுத்து இது எது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அது எந்த நெடுவரிசையிலிருந்து வந்தது என்பது மட்டும்தான் துப்பு.

கணக்குப்பிள்ளை

`LEFT JOIN` போட்டுப் பார்த்தேன். பெயரில்லாத மூட்டைதான் எல்லாவற்றையும் விடப் பெரியது. இந்தியும் ஆங்கிலமும் தமிழும் தெலுங்கும் அதற்குள்ளே இருக்கின்றன. எங்கள் பயனர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த அறிக்கையில் வந்ததே இல்லை என்று அர்த்தம். மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்பது தனிக் கவலை.

ஆனால் ஒன்று புரியவில்லை அக்கா. `hi`, `ta`, `te` எல்லாம் உதிர்ந்துவிட்டன, `pa` பனாமாவுக்குப் போய்விட்டது என்றால், முதல் இடத்தில் நிற்கும் இந்தியா யார்? `IN` என்பதோடு பொருந்த `in` என்று ஒரு மொழிக் குறியீடு வேண்டுமே. அப்படி ஒரு மொழி எங்கள் செயலியின் பட்டியலில் இல்லை.

வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுக்கு இந்தக் கூத்து பழகிப்போனது. கொடிப் படம் காட்டும் மொழித் தெரிவுப் பெட்டிகளில் சிங்களத்துக்குப் பக்கத்தில் ஸ்லோவேனியாக் கொடி நிற்பதை எத்தனையோ தளங்களில் பார்த்துவிட்டேன். மொழிக் குறியீட்டை எடுத்து அப்படியே கொடிப் படத்தின் கோப்புப் பெயராகப் போட்டால் அதுதான் வரும். இன்னும் சில இடங்களில் சிங்கள மொழிபெயர்ப்புக் கோப்புக்கு `lk.json` என்று பெயர் வைத்திருப்பார்கள். `lk` என்று இரண்டெழுத்து மொழிக் குறியீடே கிடையாது.

இதையும் சொல்ல வேண்டும். கிரிக்கெட் ஸ்கோரிலிருந்து எல்லா இடத்திலும் இலங்கைக்கு SL என்றுதானே எழுதுகிறோம். அந்தப் பழக்கத்தில் `ta-SL` என்று போடுகிற ஆட்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. `SL` சியரா லியோன். `sl` என்று மொழியாக எடுத்தால் ஸ்லோவேனியம். சிங்களத்தின் குறியீடு ஸ்லோவேனிய நாட்டோடும், இலங்கையின் பேச்சுவழக்குச் சுருக்கம் ஸ்லோவேனிய மொழியோடும் மோதுகிறது. அந்த நாட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பது அவர்களுக்குத் தெரியுமா தெரியாது.

சின்னஎழுத்து

அதே கணக்கில் தமிழ்நாட்டுக்கு TN என்று போட்டால்?

வடலி

நாட்டு இடத்தில் போட்டால் துனீசியா, மொழி இடத்தில் போட்டால் தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் பேசுகிற ஸ்வானா மொழி. மாநிலம் என்று சொல்ல வேண்டுமானால் `IN-TN` என்று முழுதாக எழுத வேண்டும்.

பழையஜாவா

கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த `in` இந்தியா இல்லை, இந்தோனேசிய மொழி.

இந்தோனேசிய மொழிக்கு ஐஎஸ்ஓ 639-இல் முதலில் இருந்த குறியீடு `in`. 1989-இல் அதை `id` என்று மாற்றினார்கள். கூடவே ஹீப்ரு `iw`-விலிருந்து `he`-க்கும், இத்திஷ் `ji`-யிலிருந்து `yi`-க்கும் மாறின. ஜாவா அதற்குப் பல வருடம் கழித்து வந்தும் பழைய மூன்றையே பிடித்துக்கொண்டது. நீங்கள் `id` என்று கொடுத்தாலும் உள்ளே `in` என்று மாற்றி வைத்துக்கொள்ளும்:

```java
Locale l = new Locale("id");
l.getLanguage();     // "in"
l.toLanguageTag();   // "id"
```

ஒரே பொருள், இரண்டு பதில். ஜேடிகே 16 வரை இதுதான் நிலைமை. 2021-இல் வந்த ஜேடிகே 17-இல்தான் `getLanguage()` புதிய குறியீட்டைத் தர ஆரம்பித்தது. பழைய நடத்தையே வேண்டும் என்பவர்களுக்காக `java.locale.useOldISOCodes` என்று ஒரு அமைப்பும் விட்டு வைத்தார்கள்.

ஆண்ட்ராய்டு இந்தப் பழக்கத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ நிலை 35-ஐ இலக்காக வைத்துக் கட்டும் செயலிகளில்தான் மாற்றம் வந்தது. உங்கள் புதிய பதிப்பில் `targetSdk` 35-க்கு ஏறியதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் உங்கள் இரண்டாவது சிக்கலுக்கும் பதில் அதுதான். யாரும் இந்தியாவை விட்டுப் போகவில்லை. புதிய பதிப்புக்கு மாறிய இந்தோனேசியர்கள் ஒவ்வொருவராக `in`-இலிருந்து `id`-க்கு வந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரிபார்க்க ஒரு வழி: ஐபோன் எப்போதும் `id` என்றுதான் சொல்லும். அறிக்கையை ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று பிரித்துப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை

ஐயா, அப்படியே இருக்கிறது. பழைய பதிப்பு மட்டும் இருந்த மாதங்களில் இந்தோனேசியா என்று வந்த வரிசைகளில் ஒரு ஆண்ட்ராய்டுகூட இல்லை. `in` என்று செயலியிலிருந்து வந்த வரிசைகளில் ஒரு ஐபோன்கூட இல்லை. `targetSdk` புதிய பதிப்பில்தான் 35 ஆனது.

ஆக இத்தனை மாதம் "இந்தியா முதலிடம்" என்று நாங்கள் கொண்டாடியது இந்தோனேசியர்களை.

சின்னஎழுத்து

ஐஎஸ்ஓ என்றால் ஒருமுறை கொடுத்த குறியீட்டை மாற்றவே மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பழையஜாவா

மாற்றுவது மட்டும் இல்லை, ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கும் கொடுப்பார்கள். `CS` செக்கோஸ்லோவாக்கியா. 1993-இல் அந்த நாடு பிரிந்ததும் குறியீடு விலக்கப்பட்டது. 2003-இல் அதே `CS`-ஐ செர்பியாவும் மொண்டெனெக்ரோவும் சேர்ந்திருந்த நாட்டுக்குக் கொடுத்தார்கள். 2006-இல் அதுவும் பிரிந்து `RS`, `ME` என்று ஆயின. இதற்கு நடுவில் `cs` என்பது செக் மொழி, செக் நாடோ `CZ`. ஒரு பழைய ஆவணத்தில் வெறும் CS என்று இருந்தால் வருடம் தெரியாமல் வாயைத் திறக்க முடியாது.

இந்தத் தொல்லையை உத்தேசித்துத்தான் பிசிபி 47 தனக்கென ஒரு பதிவேடு வைத்துக்கொண்டது. அதில் ஒருமுறை ஏறிய குறியீட்டின் பொருள் மாறாது. காலாவதி ஆகும், அழிக்கப்படாது. `in` இன்னும் அதில் இருக்கிறது, பக்கத்தில் இதற்குப் பதில் `id` பயன்படுத்து என்ற குறிப்போடு.

மஸ்கட்வாசி

எங்கள் கதை இதற்கு நேர் எதிர், சொல்லிவிட்டுப் போகிறேன். வளைகுடா நாடுகளுக்கு ஒரு கடைத் தளம். `/om/`, `/kw/`, `/sa/`, `/ae/`, `/bh/`, `/qa/` என்று நாட்டுக்கு ஒரு கோப்புறை. வார்ப்புருவை எழுதிய நிறுவனம் அந்தக் கோப்புறைப் பெயரை எடுத்து பக்கத்தின் மொழியாகப் போட்டுவிட்டது. `<html lang="om">` என்று. ஓமானுக்கு ஒரோமோ மொழி, குவைத்துக்கு கார்னிஷ், சவூதிக்கு சமஸ்கிருதம், அமீரகத்துக்கு ஜொராஸ்டிரிய மறை நூலின் அவெஸ்தன். பக்கத்தில் இருப்பதெல்லாம் அரபு.

பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் எழுதிய பிறகுதான் தெரிந்தது. அவருடைய திரைவாசிப்பான் அரபிக் குரலுக்கு மாறவே இல்லையாம். சரிபார்ப்புக் கருவியில் போட்டோம், ஆறில் கத்தாருக்கு மட்டும்தான் பிழை காட்டியது, ஏனென்றால் `qa` என்று மொழி கிடையாது. மற்ற ஐந்தும் செல்லுபடியாகும் மொழிகள்! நாங்களும் கத்தாரை மட்டும் சரி செய்துவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருந்தோம்.

கடற்காகம்

`hreflang`-லும் இதே கதைதான். பெல்ஜியத்துக்கு என்று `be` போட்டால் தேடுபொறி அதை பெலாரூசிய மொழி என்று எடுத்துக்கொள்ளும். பிரிட்டனுக்கு `uk` போட்டால் உக்ரைனிய மொழி. பிரிட்டன் நாட்டுக் குறியீடு என்று எடுத்தாலும் `GB`தான். `nl-BE`, `en-GB` என்று மொழியோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பைத்தான்பாண்டி

தலைப்புக்குக் கொஞ்சம் தள்ளி, ஆனால் அதே குடும்பம். பாண்டாஸில் நாடுகள் சிஎஸ்வியை `read_csv` கொண்டு ஏற்றினால் நமீபியா காணாமல் போகும். அதன் குறியீடு `NA`, பாண்டாஸ் அதை மதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. `keep_default_na=False` கொடுத்தால் சரியாகும். வேடிக்கை என்னவென்றால் சின்ன எழுத்தில் `na` என்று இருந்தால் தப்பித்துவிடும். அது நவுரு மொழியின் குறியீடு.

யாமல் கோப்பில் நார்வே படும் பாடு தெரிந்ததுதான். மேற்கோள் குறி இல்லாமல் `no` என்று எழுதினால் யாமல் 1.1 அதை பொய் என்று படிக்கும். நாடாக எழுதினாலும் மொழியாக எழுதினாலும் அதே கதி.

என் யோசனை: இரண்டெழுத்தை விட்டுவிட்டு மூன்றெழுத்துக்குப் போய்விடுங்கள். `tam`, `sin`, `LKA`. எந்த மோதலும் இல்லை.

மல்லிகா_டிபி

பாண்டி, கணக்குப்பிள்ளையின் சிக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசிய மொழியின் மூன்றெழுத்து `ind`. இந்தியாவின் மூன்றெழுத்து `IND`. நீங்கள் சொன்னபடி மாற்றினால் அதே இந்தோனேசியர்கள் மறுபடி இந்தியாவுக்குத்தான் வருவார்கள். இந்த முறை பழைய குறியீடு என்ற சாக்குகூட இருக்காது, இரண்டுமே இன்றைக்கும் நடப்பில் இருப்பவை.

மூன்றெழுத்தில் இன்னொரு தலைவலியும் உண்டு. இருபது மொழிகளுக்கு இரண்டு இரண்டு குறியீடுகள், நூலகங்கள் பயன்படுத்துவது ஒன்று, மற்றது ஒன்று. பாரசீகம் நூலகப் பட்டியலில் `per`, மற்றதில் `fas`. `PER` என்றால் பெரு நாடு. மாசிடோனிய மொழி `mac`, `MAC` மக்காவ். எழுத்தைக் கூட்டினால் மோதல் குறையும், போகாது.

கணக்குப்பிள்ளை

சரி, எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள். அறிக்கையை மட்டும் மாற்றினால் போதுமா, தரவையும் தொட வேண்டுமா?

மல்லிகா_டிபி

தரவைத் தொடுவதற்கு முன் அந்த நெடுவரிசையில் உண்மையிலேயே மொழி மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மதிப்பும் செல்லுபடியாகிறதா என்று சோதிப்பதால் பயனில்லை. மஸ்கட்வாசி சொன்ன மாதிரி தவறான மதிப்பும் இன்னொரு பட்டியலில் சரியான மதிப்பாகவே நிற்கும். ஒரு பட்டியலில் மட்டும் இருக்கிற குறியீடுகளைத் தேடுங்கள். `hi`, `te`, `en`, `ur` மொழிப் பட்டியலில் மட்டும் உண்டு. `us`, `gb`, `lk`, `jp` நாட்டுப் பட்டியலில் மட்டும் உண்டு. முதல் கூட்டம் மட்டும் இருந்தால் அது மொழி நெடுவரிசை. இரண்டும் இருந்தால் யாரோ இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறார்கள்.

```sql
SELECT lang, COUNT(*) FROM users
WHERE lang IN ('us','gb','lk','jp')
GROUP BY lang;
```

கணக்குப்பிள்ளை

ஐயோ. `lk` நிறைய இருக்கிறது. `us`, `gb` கொஞ்சம் இருக்கின்றன. தோண்டிப் பார்த்ததில், ஆரம்ப காலத்தில் இணையத்தில் ஒரு பதிவுப் படிவம் இருந்திருக்கிறது. அதில் "உங்கள் நாடு" என்ற கேள்விக்கு வந்த பதிலைச் சின்ன எழுத்தாக்கி இதே `lang`-இல் போட்டிருக்கிறார்கள். அப்போது செயலி ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால் மொழிக்குத் தேவை இருக்கவில்லை போலிருக்கிறது.

பழையஜாவா

அப்படியானால் உங்கள் `in`-க்கு இரண்டு பிறப்பு. படிவத்திலிருந்து வந்தது இந்தியா. ஆண்ட்ராய்டிலிருந்து வந்தது இந்தோனேசிய மொழி. நான் முன்னே சொன்னதை நம்பி கண்ணை மூடிக்கொண்டு `in` எல்லாவற்றையும் `id` என்று மாற்றிவிடாதீர்கள், உங்கள் முதல் இந்தியப் பயனர்கள் இந்தோனேசியம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வரிசை எங்கிருந்து வந்தது என்று பதிவு இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

`source` என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. ஆனால் அது பிறகு சேர்த்தது. ஆரம்பத்தில் படிவமும் ஆண்ட்ராய்டும் சேர்ந்தே ஓடிய கொஞ்ச காலத்துக்கு அது காலியாக இருக்கிறது.

மல்லிகா_டிபி

பழைய `lang`-ஐத் திருத்தாதீர்கள், அப்படியே விடுங்கள். பக்கத்தில் இரண்டு புதிய நெடுவரிசை போடுங்கள். `lang_tag` ஒன்று, `country` ஒன்று. `lang_tag`-க்கு 35 எழுத்து இடம் விடுங்கள், இரண்டு எழுத்தில் சிக்கனம் பிடித்ததுதான் இங்கே வினை. நாளைக்கு `zh-Hant-TW` வந்தால் வெட்டுப்படக் கூடாது.

பிறகு மூன்று கூடையாகப் பிரியுங்கள். `source` செயலி என்று தெரிந்தவற்றில் `in`, `iw`, `ji` மூன்றையும் புதிய குறியீட்டுக்கு மாற்றி `lang_tag`-இல் போடுங்கள், `country` காலியாக இருக்கட்டும். படிவம் என்று தெரிந்தவற்றை `country`-யில் போடுங்கள், `lang_tag` காலி. எதுவென்று தெரியாதவற்றில் `hi`, `lk` மாதிரி ஒரே பட்டியலில் இருப்பவை தாமாகவே பிரிந்துவிடும். மீதி இருப்பது `in`, `id`, `si`, `my` போன்ற இருபொருள் ஆட்கள். அவர்களுக்கு இரண்டு நெடுவரிசையும் காலியாகவே நிற்கட்டும்.

செயலிப் பக்கத்தில் `getLanguage()`-ஐ எடுத்துவிட்டு `toLanguageTag()` அனுப்பச் சொல்லுங்கள். பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் அது `id` என்றே தரும். ஆனால் அதிலிருந்து நாட்டைப் பிய்த்து எடுத்து அறிக்கை போட்டுவிடாதீர்கள். `en-US` என்று வைத்திருக்கும் மதுரைக்காரர்கள் ஏராளம். போன் வாங்கியபோது இருந்ததை மாற்றியிருக்க மாட்டார்கள்.

வடலி

ஆண்ட்ராய்டு ஆட்களிடம் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியப் பயனர்களுக்கு ரூபாய்க் குறியோடு தனிச் சொற்கள் வைக்க வேண்டும் என்று `values-in` என்ற கோப்புறை போட்டிருக்கிறார்களா என்று. அது இந்தோனேசியர்களுக்குத்தான் போகும். நாடு என்றால் முன்னால் `r` வேண்டும், மொழியும் வேண்டும்: `values-ta-rIN`, `values-en-rIN`. மொழி இல்லாமல் `rIN` மட்டும் தனியாகக் கொடுக்க முடியாது.

கணக்குப்பிள்ளை

கேட்டேன். `values-in` இருக்கிறது. உள்ளே இருப்பது இந்தோனேசிய மொழிபெயர்ப்புத்தான், நல்லவேளை. ஆனால் `drawable-in` என்று இன்னொன்றும் இருக்கிறது, அதில் தீபாவளிப் பதாகை. ஜகார்த்தா கடைக்காரர்கள் வருடா வருடம் பார்த்திருக்கிறார்கள் போல.

சின்னஎழுத்து

இவ்வளவு எதற்கு? கடைக்காரர் செயலி என்றால் கைபேசி எண் இருக்குமே. +91 இந்தியா, +62 இந்தோனேசியா, +94 இலங்கை. நாடுவாரி அறிக்கையை அதை வைத்தே போட்டுவிடலாம். மூன்றாவது கூடையையும் அதே எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம்.

பழையஜாவா

அறிக்கைக்கு நல்ல யோசனை, இருப்பதில் அதுதான் நம்பகமானது. மூன்றாவது கூடைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். +62 எண்ணும் `in`-உம் சேர்ந்து வந்தால் இந்தோனேசிய மொழி என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் படிவத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்த ஜகார்த்தா ஆள் அபூர்வம். +94 எண்ணோடு `si` வந்தால் சிங்களம் என்பதும் அப்படியே. ஆனால் `my`? படிவத்திலிருந்து வந்த மலேசியாவா, செயலியிலிருந்து வந்த பர்மிய மொழியா? +60 எண்ணை வைத்துக்கொண்டு பர்மியத்தில் செயலியை ஓட்டும் மியான்மர்த் தொழிலாளர் கோலாலம்பூரில் எத்தனையோ பேர்.

மல்லிகா_டிபி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஊகம் என்று தனியே குறித்து வைத்தால் பிரிக்கலாம். `lang_source` என்று ஒரு நெடுவரிசை, அதில் "எண்ணை வைத்து ஊகித்தது" என்று ஒரு மதிப்பு. பிறகு அந்தப் பயனர் புதிய பதிப்புக்கு வந்ததும் உண்மையான குறி வந்து ஊகத்தை மேலெழுதிவிடும்.

பழையஜாவா

மேலெழுதும் என்று சொல்கிறீர்கள், செயலியை நீக்கிவிட்டுப் போனவர்கள் ஊகமாகவே நிரந்தரமாக இருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் குறிப்பு நெடுவரிசையை யாரும் பார்க்க மாட்டார்கள். இப்போது வந்திருக்கும் பஞ்சாயத்தே அப்படி வந்ததுதானே.

பைத்தான்பாண்டி

தமிழ் பற்றி ஒரு சந்தேகம். `ta`-வுக்கு நாட்டு ஜோடியே இல்லை என்று மேலே பார்த்தேன். ஆனால் என் உலாவியில் `Intl.DisplayNames`-இடம் `TA` என்ற நாடு எது என்று கேட்டால் ட்ரிஸ்டன் டா குன்யா என்று பெயர் சொல்கிறதே?

மல்லிகா_டிபி

ஐஎஸ்ஓ 3166-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் `TA` இல்லை, ஆனால் அந்தத் தீவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யுனிகோடின் இடவாரித் தரவு அதை எடுத்துக்கொண்டது, உலாவி அங்கிருந்து எடுக்கிறது. கணக்குப்பிள்ளையின் `countries` அட்டவணை ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து வந்தது, அதனால் தமிழர்கள் உதிர்ந்தார்கள். யுனிகோடிலிருந்து வந்திருந்தால், முன்னூறு பேர்கூட வசிக்காத ஒரு தெற்கு அட்லாண்டிக் தீவில் ஆயிரக்கணக்கில் கடை திறந்திருப்பார்கள். அப்போது யாராவது முதல் மாதமே கேட்டிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

மூன்றாவது கூடையை இப்போதைக்குக் காலியாகவே விடுகிறேன், எண்ணை வைத்து நாடு மட்டும் போடுகிறேன். புதிய அறிக்கை ஓடி முடிந்தது. இந்தியா மறுபடி முதல் இடத்தில்தான் இருக்கிறது, இந்த முறை +91 எண்களை வைத்து. இந்தோனேசியா இரண்டாவது. மேலாளர் கேட்ட ஒரே கேள்வி: "பனாமா ஏன் இல்லை?"